சமச்சீர் அணிக்கு வர்க்கமூலம்: ஒரு 2×2 அணியை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

கேள்வி: A என்பது சமச்சீரான, பாசிட்டிவ் டெஃபினிட் அணி. B² = A ஆகும்படி B கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு உறுப்புக்கும் வர்க்கமூலம் எடுத்துப் பார்த்தேன், வரவில்லை. மூலைவிட்டமாக்கினால் வரும் என்கிறார்கள். எப்படி? ஒரு 2×2 உதாரணம் கிடைக்குமா?

உறுப்புக்கு உறுப்பு வர்க்கமூலம் எடுப்பது மூலைவிட்ட அணிக்கு மட்டும் சரியாக வரும். அங்கே மூலைவிட்டத்துக்கு வெளியே எல்லாம் பூச்சியம் என்பதால், அணியை அதனோடே பெருக்கும்போது ஓர் எண்ணோடு இன்னோர் எண் கலப்பதில்லை. ஒவ்வொன்றும் தன்னளவில் வர்க்கமாகிறது. மற்ற அணிகளில் நிரையும் நிரலும் கலந்துவிடும். அதனால் A-யை மூலைவிட்ட அணியாகக் காட்டும் அச்சுகளுக்குப் போய், அங்கே வர்க்கமூலம் எடுத்து, பழைய அச்சுகளுக்கே திரும்பி வருகிறோம்.

சமச்சீர் அணிக்கு அப்படிப்பட்ட அச்சுகள் எப்போதும் கிடைக்கும், அவை ஒன்றுக்கொன்று செங்குத்தாகவும் இருக்கும். அந்தத் திசைகளை, நீளம் 1 உள்ள வெக்டர்களாக, Q என்ற அணியின் நிரல்களாக அடுக்குங்கள். D-யின் மூலைவிட்டத்தில் ஐகன் மதிப்புகள்.

```
A = Q D Qᵀ
B = Q √D Qᵀ
B² = Q √D (Qᵀ Q) √D Qᵀ = Q D Qᵀ = A
```

மூன்றாம் வரியின் நடுவில் QᵀQ அலகு அணியாகி மறைகிறது. முறை முழுவதும் அந்த ஓர் இடத்தில்தான் நிற்கிறது, பின்னால் மறுபடி அங்கே வருவோம். பாசிட்டிவ் டெஃபினிட் என்ற நிபந்தனை √D-க்காக: ஐகன் மதிப்புகள் எல்லாம் பூச்சியத்தைவிடப் பெரியவை என்பதால் மெய்யெண் வர்க்கமூலம் உண்டு.

இப்போது இந்த அணியை எடுத்துக்கொள்வோம்.

```
A = |  8  14 |
    | 14  29 |
```

மூலைவிட்டக் கூடுதல் 37. அணிக்கோவை 8×29 − 14×14 = 36. ஆகவே சிறப்பியல்புச் சமன்பாடு λ² − 37λ + 36 = 0; மூலங்கள் 36, 1. இரண்டும் நேர் எண்கள், அதனால் தொடரலாம்.

λ = 36-க்கு, A − 36I-இன் முதல் நிரை −28x + 14y = 0 என்கிறது. அதாவது y = 2x, திசை (1, 2). λ = 1-க்கு 7x + 14y = 0, திசை (−2, 1). இந்த இரண்டையும் புள்ளிப்பெருக்கல் செய்தால் −2 + 2 = 0. செங்குத்தாக இல்லையென்றால் முந்தைய கணக்கில் எங்கோ பிழை என்று அர்த்தம், அதனால் இந்தச் சோதனையை ஒருபோதும் விடாதீர்கள். இரண்டு வெக்டர்களின் நீளமும் √5.

```
Q = (1/√5) | 1  -2 |      √D = | 6  0 |
           | 2   1 |           | 0  1 |

B = (1/5) | 6  -2 | |  1  2 |  =  | 2  2 |
          | 12  1 | | -2  1 |     | 2  5 |
```

வர்க்கப்படுத்திப் பாருங்கள்: 4 + 4 = 8, 4 + 10 = 14, 4 + 25 = 29. சரியாக A வருகிறது. B-யும் சமச்சீராகவே இருக்கிறது. A எந்தத் திசையில் 36 மடங்கு நீட்டுகிறதோ அதே திசையில் B 6 மடங்கு நீட்டுகிறது. மற்றத் திசையை இரண்டுமே அப்படியே விட்டுவிடுகின்றன. B-யை இரண்டு முறை செயல்படுத்தினால் A ஆவது இதனால்தான்.

இனி QᵀQ பற்றி. தேர்வுத் தாள்களில் அதிகம் பார்க்கும் பிழை, √5-ஆல் வகுக்காமல் (1, 2), (−2, 1) என்ற வெக்டர்களையே நிரல்களாக வைத்துவிட்டு, கடைசியில் Qᵀ-ஆல் பெருக்குவது. அப்போது நடுவில் வருவது I அல்ல, 5I. விடையும் ஐந்து மடங்காகி 10, 10, 10, 25 என்று வரும். சமச்சீராகவும் பாசிட்டிவ் டெஃபினிட்டாகவும் இருப்பதால் பார்வைக்குச் சந்தேகமே வராது. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: B-யின் மூலைவிட்டக் கூடுதல், ஐகன் மதிப்புகளின் வர்க்கமூலங்களின் கூடுதலாக, அதாவது 6 + 1 = 7 ஆக, இருக்க வேண்டும். தவறான விடையில் அது 35. நீளத்தைச் சரிசெய்யப் பிடிக்காவிட்டால் Qᵀ-க்குப் பதில் Q-வின் நேர்மாறைப் பயன்படுத்துங்கள், அப்போது நீளம் தானாகவே அடிபட்டுப் போகும். இரண்டு வழிகளையும் கலப்பதுதான் கூடாது.

அடுத்து, விடை ஒன்றுதானா? √D-யில் 1-க்குப் பதில் −1 போட்டாலும் வர்க்கம் 1-தானே. அப்படிச் செய்தால் இன்னொரு B கிடைக்கும்:

```
| 0.4  2.8 |
| 2.8  4.6 |
```

இதையும் வர்க்கப்படுத்தினால் 8, 14, 14, 29-தான். இரண்டு குறிகளையும் மாற்றி மாற்றி வைத்தால் மொத்தம் நான்கு வர்க்கமூலங்கள். ஆனால் மேலே உள்ளதன் அணிக்கோவை −6, ஆக அது பாசிட்டிவ் டெஃபினிட் இல்லை. ஐகன் மதிப்பு ஒன்றே திரும்ப வந்தால் நிலைமை இன்னும் விரியும்: 4I என்ற எளிய அணிக்கு எண்ணற்ற வர்க்கமூலங்கள் உண்டு, ஏனெனில் ஆதிவழிச் செல்லும் எந்தக் கோட்டில் பிரதிபலித்து 2-ஆல் பெருக்கினாலும் அதன் வர்க்கம் 4I.

பாசிட்டிவ் டெஃபினிட் வர்க்கமூலம் மட்டும் எப்போதும் ஒன்றே ஒன்று. காரணம் சுருக்கமானது. B அப்படிப்பட்டதென்று வைத்துக்கொண்டு Bv = μv என்றால், Av = μ²v. எனவே B-யின் ஐகன் வெக்டர் ஒவ்வொன்றும் A-க்கும் ஐகன் வெக்டர். B சமச்சீர் என்பதால் அதன் ஐகன் வெக்டர்கள் வெளி முழுவதையும் நிரப்பும். μ நேர் எண் என்பதால் μ²-இலிருந்து μ-வை ஒரே விதமாகத்தான் மீட்க முடியும். ஆக A-யின் λ-வுக்குரிய ஒவ்வொரு வெக்டரையும் B √λ மடங்காக்கியே தீர வேண்டும். வேறு தேர்வுக்கு இடமில்லை. பாடநூல்களில் அந்த ஒன்றைத்தான் √A என்று எழுதுகிறார்கள்.

2×2 அணிக்கு மட்டும் ஐகன் வெக்டர் தேடாமலே விடையைச் சரிபார்க்க ஒரு சூத்திரம் உண்டு. A-யின் மூலைவிட்டக் கூடுதல் t, அணிக்கோவையின் வர்க்கமூலம் s என்றால்,

```
√A = (A + s I) / √(t + 2s)
```

இங்கே s = 6, √(37 + 12) = 7. A + 6I-இன் உறுப்புகள் 14, 14, 14, 35. ஏழால் வகுத்தால் 2, 2, 2, 5. இது கேலி–ஹாமில்ட்டன் தேற்றத்தை B-க்குப் போட்டதிலிருந்து வருகிறது.

கணினியில் செய்யும்போது பொதுவான `eig` வேண்டாம், சமச்சீர் அணிக்கென்றே உள்ள `eigh` வேண்டும். அது அலகு நீளமுள்ள, ஒன்றுக்கொன்று செங்குத்தான வெக்டர்களையே தரும்; ஐகன் மதிப்பு திரும்ப வந்தாலும் அப்படியே.

```python
import numpy as np
w, Q = np.linalg.eigh(A)
B = (Q * np.sqrt(w)) @ Q.T
```

B முழுக்க `nan` ஆக வந்தால் `w`-வை அச்சிட்டுப் பாருங்கள். மிகப் பெரிய ஐகன் மதிப்பு 36 போல இருக்க, மிகச் சிறியது −1e-16 போல இருந்தால், அது பூச்சியத்தை ஒட்டிய மதிப்பு, தசமச் சுருக்கத்தால் கீழே நழுவியிருக்கிறது. அதைப் பூச்சியமாக்கிவிட்டுத் தொடரலாம். −0.3 போன்ற எண் தெரிந்தால் A பாசிட்டிவ் டெஃபினிட்டே இல்லை. அதைப் பூச்சியமாக்கினால் ஏதோ ஒரு B கிடைக்கும், ஆனால் அதன் வர்க்கம் உங்கள் A ஆக இருக்காது.