பங்காளரின் பங்களிப்பை ரீம் கணக்கில் அளந்தோம்

கேள்வி: நானும் நண்பரும் பாதிக்குப் பாதி பங்கில் வியாபாரம் செய்கிறோம். நெருக்கடியான ஒரு வருடத்தில் அவர் உண்மையில் எவ்வளவு செய்தார் என்பதை மனத்தாங்கல் இல்லாமல் எப்படி மதிப்பிடுவது? இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

செய்து பார்த்திருக்கிறோம். மனத்தாங்கலே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடை இன்னும் திறந்திருக்கிறது.

கொழும்பில், கொட்டாஞ்சேனைப் பக்கம் எங்களுக்கு ஒரு சிறிய ஆஃப்செட் அச்சகம். ரியூட்டரி என்னும் தனியார் வகுப்பு நிலையங்களுக்குப் பாடக் குறிப்புகள், திருமண அழைப்பிதழ், பில் புத்தகம், வருட இறுதியில் கலண்டர். இயந்திரமும் தொழிலாளர்களும் என் பொறுப்பு. தாள் வாங்குவது, விலை சொல்வது, பணம் வசூலிப்பது எல்லாம் அவர். வயதில் மூத்தவர் என்பதால் அண்ணா என்று கூப்பிடுவேன், உறவு கிடையாது. 2022ஆம் வருடக் கணக்கை முடித்தபோது, ஒருவர் மற்றவரைப் பற்றி எழுத்தில் ஒரு மதிப்பீடு கொடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். வாயால் பேசினால் யாருடைய குரல் உரத்ததோ அவர் வென்றுவிடுவார், அதனால்தான். நான் அவரைப் பற்றி எழுதியதில் இருந்து சொல்கிறேன்.

முதலில் நேரக் கணக்கை ஒதுக்கினேன். அதில் நான்தான் சுலபமாக வென்றிருப்பேன். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் விளக்கு அணைவதோடு பிரச்சினை முடியாது. உருளைகளில் மை காயத் தொடங்கும். இருட்டில் டோர்ச் வெளிச்சத்தில் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவ வேண்டும். அந்த நாட்களில் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. மின்சாரம் திரும்பியதும் மையும் தண்ணீரும் சமநிலைக்கு வரும்வரை தாள்கள் வீணாகும். பொன்னான தாள் குப்பைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் மின்வெட்டு அட்டவணையைச் சுவரில் ஒட்டி, நள்ளிரவுக்குப் பிறகு அச்சடித்தோம். நான் இயந்திரத்தின் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தேன். அவரோ காலையில் சலவைச் சட்டையோடு வந்து, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, மதியம் போய்விடுவார். மணித்தியாலத்தைக் கூட்டினால் என் பக்கம் மலை, அவர் பக்கம் மடு. ஆனால் அந்த வருடம் அச்சகங்களை வீழ்த்தியது தூக்கக் குறைவு அல்ல. தாள்தான் வீழ்த்தியது. தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போனது நினைவிருக்கும்.

அடுத்து, கணக்காளர் காட்டிய இலாபத்தையும் ஒதுக்கினேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வியாபாரத்திலும் இந்த மாயை இருக்கலாம். கணக்கு எளிதாக இருக்க முழு எண்களில் சொல்கிறேன். ஐந்நூறு தாள் கொண்ட கட்டுத்தான் ரீம். கிடங்கில் 400 ரீம் தாள் இருக்கிறது. வாங்கிய விலை ரீமுக்கு 1,000 ரூபா. பழைய வழக்கப்படி, வேலையின் விலையில் தாளுக்கு 1,300 ரூபா போட்டு, அறுபது நாள் கடனில் கொடுக்கிறோம். புத்தகத்தில் தாளில் மட்டும் 1,20,000 ரூபா இலாபம். மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பணம் கைக்கு வரும் நாளில் புதிய தாள் ரீம் 2,200 ரூபா. கையில் இருக்கும் 5,20,000 ரூபாவுக்கு 236 ரீம்தான் கிடைக்கும். இலாபம் வந்த வியாபாரத்தில் 164 ரீமைக் காணவில்லை. இது ஒரே ஒரு சுற்று. இப்படி இன்னும் இரண்டு சுற்று போயிருந்தால், இலாபக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வெறும் கிடங்கைப் பூட்டியிருப்போம்.

இந்த இடத்தில்தான் அண்ணனின் பங்களிப்பு இருந்தது. மார்ச் நடுவிலேயே, ரூபா சரியத் தொடங்கிய சில நாட்களில், விலைக் குறிப்பின் கீழே அச்சிட்டிருந்த "30 நாட்களுக்குச் செல்லுபடியாகும்" என்ற வரியை வெட்டிவிட்டு "இன்று மாலை 4 மணி வரை" என்று பேனாவால் எழுதத் தொடங்கினார். தாளின் விலையை நாங்கள் வாங்கிய விலையில் இருந்து கணக்கிடாமல், அன்று காலை புறக்கோட்டைத் தாள் கடைகளில் கேட்ட விலையில் இருந்து கணக்கிட்டார். தாளுக்குரிய பணம் முழுவதும் முற்பணம். அது கைக்கு வந்த அன்றே, கிடைத்த அளவுக்குத் தாள் வாங்கிவிடுவார். காலையில் அவர் காதில் இருந்த தொலைபேசி செய்த வேலை அதுதான். எந்தக் கடையில் எந்த எடைத் தாள் எத்தனை ரீம் இருக்கிறது, யார் காசோலை வாங்குவார், யார் காசு மட்டும் கேட்கிறார் என்பதெல்லாம் பத்து மணிக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும்.

பல வருட வாடிக்கையாளரான ரியூட்டரி உரிமையாளர் ஒருவர் வந்து மேசையில் தட்டிக் கேட்டார்: "உங்களிடம் இருப்பது பழைய விலைத் தாள்தானே, எனக்கு ஏன் புது விலை?" அண்ணன் கோபப்படவில்லை. "ஐயா, பழைய விலைக்கே தருகிறேன். அடுத்த மாதம் அதே விலைக்கு எனக்கு நீங்கள் தாள் வாங்கித் தருவீர்களா?" என்று கேட்டார். அவர் எழுந்து போய்விட்டார், திரும்பி வரவும் இல்லை. வாடிக்கையாளர்களில் அப்படிப் போனவர்கள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. இதையும் மதிப்பீட்டில் எழுதினேன். வேலை இல்லாமல் இயந்திரம் நின்ற நாட்களின் சம்பளத்தை அவர் காப்பாற்றிய தாளின் பெறுமதியில் இருந்து கழித்தேன். கழித்த பிறகும் மிச்சம் பெரிதாகவே இருந்தது. வருட முடிவில் கிடங்கில் தொடக்க இருப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இருந்தது. என் இரவு வேலை இல்லாவிட்டால் சில வேலைகள் தாமதமாகியிருக்கும். அவருடைய அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இரவில் அச்சடிக்கத் தாளே இருந்திருக்காது. இதை எழுதும்போது கை கொஞ்சம் கூசியது உண்மைதான்.

பணம் போட்டதைத் தனியாக வைத்தேன். மே மாதம் சம்பளத்துக்குக் கையில் காசு இல்லை. அவர் மனைவியின் நகையை அடகு வைத்துப் பணம் கொண்டுவந்தார். இதை உழைப்போடு சேர்த்து மதிப்பிட்டால் எல்லாம் குழம்பிவிடும். நெகிழ்ச்சியில் மற்றக் குறைகள் மறைந்துபோகும். அது கடன், கடனாகவே பதிய வேண்டும் என்றேன். இதில் சட்டம் எப்படி இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இலங்கையில் பங்குடைமைக்குப் பெரும்பாலும் ஆங்கிலச் சட்டமே, அதாவது 1890ஆம் வருடப் பங்குடைமைச் சட்டமே, பொருந்துகிறது. வேறு உடன்பாடு இல்லையென்றால், ஒப்புக்கொண்ட மூலதனத்துக்கு மேல் ஒருவர் போட்ட பணத்துக்கு வருடம் 5 சதவீத வட்டி; கூடுதலாக உழைத்ததற்குச் சம்பளம் எதுவும் இல்லை; இலாபம் சமமாகப் பிரியும். மத்திய வங்கி ஏப்ரல் 8ஆம் திகதி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்திய வருடத்தில் 5 சதவீதம் என்பது அவருக்கு அநியாயம். அடகுக் கடையில் அவர் கட்டிய வட்டி முழுவதையும் ரசீதைப் பார்த்து எங்கள் அச்சகம் கொடுத்தது. நகையும் மீண்டது. அதோடு அந்தக் கணக்கு தீர்ந்தது. அதை வைத்து அவருக்கு மேலதிகமாக எந்தப் புகழும் நான் எழுதவில்லை. நன்றியை அவர் மனைவியிடம் நேரில் சொன்னேன்.

இனிக் குறை. மார்ச்சில் அவ்வளவு தெளிவாக இருந்த மனிதர், ஒக்டோபரில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கலண்டர் பருவத்துக்கென்று ஆர்ட் போர்ட் என்ற பளபளப்பான தடித்த அட்டையை வாங்கிக் குவித்தார். ஓகஸ்டில் அரசாங்கம் பல பொருட்களின் இறக்குமதியை இடைநிறுத்தியதில் அவர் பயந்துபோயிருந்தார். வாங்கியது வங்கி மேலதிகப்பற்றில்; அந்த வட்டி அப்போது 30 சதவீதத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கடைகளும் கம்பனிகளும் செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டுவது இலவசக் கலண்டரைத்தான். கடந்த வருடம் ஆயிரம் அடித்தவர் முந்நூறோடு நிறுத்தினார். போர்ட் தேங்கியது. கடற்காற்று அடிக்கும் எங்கள் ஊரில் தேங்கிய போர்ட்டின் ஓரம் ஈரம் குடித்து அலை அலையாக வளையும்; வளைந்த போர்ட் இயந்திரத்துக்குள் நேராகப் போகாது. 2023 மார்ச்சில் ரூபா வலுப்பட்டு, புதுப் போர்ட்டின் விலை இறங்கியபோது எங்கள் இருப்பு அதிக விலைக்கு வாங்கிய பழைய சரக்காகிவிட்டது. அந்த நட்டம், அவர் தாளில் காப்பாற்றியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தின்றது.

சிறிய குறை ஒன்றும் உண்டு. அவருடைய பழைய நண்பர்கள் இருவரிடம் மட்டும் அவர் பணம் கேட்கவே மாட்டார். மற்றவர்களிடம் முற்பணம் வாங்கிய அதே வருடத்தில் அவர்களுக்குக் கடன் ஓடியது. பெரிய தொகை அல்ல, ஆனாலும் எழுதினேன்.

ஆக, என் மதிப்பீடு இப்படி முடிந்தது: கடை பிழைத்ததற்கு முதல் காரணம் அவர், அடுத்த வருடம் கடை மெதுவாக எழுந்ததற்கும் முதல் காரணம் அவர்தான். பங்கு விகிதத்தை நாங்கள் மாற்றவில்லை. ஒரு வருடத்து ஏற்ற இறக்கத்துக்காகப் பாதிக்குப் பாதியைக் குலைத்தால், ஒவ்வொரு வருடமும் அதே வழக்கு வரும். அதற்குப் பதிலாக இருவருக்கும் வேலைக்கேற்ற மாதக் கொடுப்பனவு ஒன்றை இலாபம் பிரிப்பதற்கு முன் எடுப்பதென்றும், ஒருவர் போடும் மேலதிகப் பணத்துக்கு அவர் உண்மையில் கட்டும் வட்டியைக் கொடுப்பதென்றும், ஒரு மாதத் தேவைக்கு மேல் தாள் வாங்க இரண்டு கையெழுத்து வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் சேர்த்தோம். இங்கே 1,000 ரூபாவுக்கு மேல் மூலதனம் உள்ள பங்குடைமை எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். நீங்கள் இருவரும் வாய்ப்பேச்சில் தொடங்கியவர்களானால், மதிப்பீட்டுக்கு முன் ஒரு சட்டத்தரணியைப் பார்த்து இதைச் சரிசெய்யுங்கள்.

அண்ணன் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஆர்ட் போர்ட் பத்தியில் மட்டும் விரலை வைத்தார். "தம்பி, டொலர் 450க்குப் போயிருந்தால் இதற்கு எனக்கு மாலை போட்டிருப்பாய்." போட்டிருப்பேன்தான். ஆனால் நான் குறையாக எழுதியது விலை எந்தப் பக்கம் போனது என்பதை அல்ல. தவறிப்போனால் இருவரையும் கவிழ்க்கக்கூடிய அளவில் ஒருவர் தனியாக வாங்கியதை. அவர் இன்னும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு கையெழுத்து விதியை மட்டும் இதுவரை ஒருமுறையும் மீறவில்லை.