பத்து வருடம் கழித்து மறுபடி கேம்: முதலில் எதை வாங்குவது?

கேள்வி: 2014இல் வேலை கிடைத்ததோடு கேம் விளையாடுவதை விட்டுவிட்டேன். அதற்கு முன் யூனிட்டி பிளாசாவில் டிஸ்க் வாங்கி வந்து ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 விடிய விடிய விளையாடியவன். இப்போது மகள் நித்திரையான பிறகு ஒரு மணி நேரம் கிடைக்கிறது. பிளேஸ்டேஷன் 5 வாங்கட்டுமா? கையில் இருப்பது வேலைக்கு வாங்கிய லாப்டொப்: 11ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், தனி கிறபிக்ஸ் கார்ட் இல்லை. என்ன மாறியிருக்கிறது என்றே தெரியவில்லை. (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: பிளேஸ்டேஷனை இப்போதைக்கு விடுங்கள். அதன் ஒன்லைன் சேவை இலங்கைக்கு அதிகாரபூர்வமாக வரவில்லை. இங்கே அதை வைத்திருப்பவர்கள் வேறு நாட்டின் பெயரில் கணக்குத் திறந்துதான் சமாளிக்கிறார்கள். அந்த நாடும் டிஸ்க்கின் பிராந்தியமும் ஒத்துவராவிட்டால், பின்னால் வாங்கும் கூடுதல் பகுதிகள் கேமோடு சேராது. திரும்பி வருகிற முதல் மாதத்தில் இந்தத் தலையிடி உங்களுக்குத் தேவையில்லை.

மாறியவற்றில் உங்களைத் தொடுவது முக்கியமாக ஒன்றுதான். இன்று பெரிய கேம்களில் பல, முடிவே இல்லாதவை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு 'சீசன்' வரும், அதற்குள் விளையாடி முடிக்காத பரிசுகள் கைநழுவிப் போகும். அவற்றில் சில இலவசம் என்பதால் உங்கள் நண்பர்கள் அவற்றைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் விட்டுவிட்டு வந்தால், விட்ட இடம் அங்கே இருக்காது. உங்களுக்கு வேண்டியது எந்த நிமிடமும் நிறுத்தக்கூடிய, ஒரு மாதம் கழித்து வந்தாலும் விட்ட இடத்திலேயே காத்திருக்கும் கேம்.

அப்படிப்பட்டவற்றில் உங்களுக்கு முதலாவது ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2தான். பழைய டிஸ்க் இல்லை, 2019இல் புதுப்பித்து வெளியிட்ட டெஃபினிட்டிவ் எடிஷன். உங்கள் லாப்டொப் அதைத் தாங்கும். வயலை மறுபடி மறுபடி விதைக்கச் சொல்லும் வேலையை இப்போது அதுவே செய்துகொள்ளும். விளையாட்டின் நடுவில் சேமிக்கலாம். 'ஆர்ட் ஒஃப் வோர்' என்று சின்னச் சின்னப் பயிற்சிகள் இருக்கின்றன. அவற்றில் சில, எத்தனை நிமிடத்தில் எந்த யுகத்துக்குப் போகிறீர்கள் என்று நேரம் பார்த்துப் பதக்கம் தருபவை. பழைய கை திரும்புகிறதா என்று பார்க்க இவற்றைவிட நல்ல இடம் இல்லை. ஒன்லைன் தரவரிசைப் போட்டிப் பக்கம் இப்போதே போகாதீர்கள். அங்கே இருப்பவர்கள் இந்தப் பத்து வருடமும் நிறுத்தாமல் விளையாடியவர்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 2022இல் வந்த 'டைனஸ்டீஸ் ஒஃப் இந்தியா' என்ற கூடுதல் பகுதியில் திராவிடர் என்றொரு நாகரிகம் சேர்ந்தது, கூடவே ராஜேந்திர சோழனின் படையெடுப்புக் கதையும். திராவிடரின் ஆட்களைச் சுட்டியால் தொட்டால் தமிழில் பதில் சொல்வார்கள். உறுமி வாள் சுழற்றும் வீரர்களும் திரிசடை என்ற கப்பலும் உண்டு. நாம் பாடசாலைக் காலத்தில் விளையாடியபோது இதை யார் நினைத்தோம்? ஆனால் இது தனியாக ஓடாது, முதலில் மூல கேம் வேண்டும். ஆகவே இரண்டையும் ஒரேயடியாக வாங்காதீர்கள்.

நீங்கள் சொன்னதில் என்னை யோசிக்க வைத்தது லாப்டொப்பின் 8 ஜிபி ரேம். தனி கிறபிக்ஸ் கார்ட் இல்லாத லாப்டொப்பில் படம் வரையும் வேலைக்கும் அதே ரேம்தான் போகிறது. 11ஆம் தலைமுறை ஐ5 பலவற்றின் உள்ளே ஐரிஸ் எக்ஸ்இ என்ற நல்ல கிறபிக்ஸ் இருக்கிறது. ஆனால் ரேம் ஒற்றைத் துண்டாக இருந்தால் அது முழு வேகத்தில் ஓடாது, பெயரையே குறைத்துக் காட்டும். விண்டோஸ் பொத்தானோடு R அழுத்தி இதைத் தட்டுங்கள்:

```
dxdiag
```

அதில் Display பக்கத்தில் Iris Xe என்று வந்தால் நல்லது. UHD Graphics என்று மட்டும் வந்தால் Task Manager திறந்து Performance, அதில் Memory பாருங்கள். Slots used: 1 of 2 என்று இருந்தால் ஒரு இடம் காலி. ஏற்கெனவே இருக்கும் அதே வகை, அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி துண்டு போட்டால் கேம் ஓடுகிற விதமே மாறும். லாப்டொப்பைக் கையோடு பம்பலப்பிட்டிக்குக் கொண்டுபோய்க் கடையிலேயே பூட்டச் சொல்லுங்கள். அங்கிருந்தபடியே மறுபடி dxdiag பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். உத்தரவாதம் இன்னும் இருந்தால், திறப்பதற்கு முன் லாப்டொப் வாங்கிய இடத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். சில மொடல்களில் ரேம் பலகையோடு ஒட்டியே வரும், அவற்றில் இது முடியாது.

ரேம் போட்டாலும் போடாவிட்டாலும் ஏஜ் ஒஃப் எம்பயர்ஸுக்கு இலவசமாகக் கிடைக்கும் உயர்தரப் படத் தொகுப்பை இறக்காதீர்கள். உங்கள் டேட்டாவும் இடமும்தான் போகும்.

சோர்ந்து வரும் இரவுகளுக்கு ஸ்டார்டியூ வலி. தோட்டம் செய்து, மீன் பிடித்து, ஊராரோடு பழகுகிற கேம், 1 ஜிபிகூட இல்லை. அதில் ஒரு நாள் நமக்குக் கிட்டத்தட்ட 14 நிமிடம். நாள் முடிந்து படுத்தால்தான் சேமிக்கும் என்பதால், மகள் எழும்பிவிட்டால் நீங்கள் இழப்பது அந்தச் சில நிமிடங்கள்தான்.

இனி வாங்கும் வழி. ஸ்டீம் தளத்தில் உங்கள் பெயரில் கணக்குத் திறந்து உங்கள் வங்கி அட்டையால் வாங்குங்கள். விலை டொலரில் இருக்கும். வங்கி தன் மாற்று விகிதத்தில், கட்டணமும் சேர்த்துக் கழிக்கும் என்பதால் திரையில் காணும் விலையைவிடக் கொஞ்சம் கூடவே போகும். ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் பெரிய மலிவு விற்பனை வரும், பழைய கேம்களுக்கு அதுதான் காலம்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று விளம்பரம் பார்த்து ஒருவரிடம் நானும் ஒருமுறை வாங்கினேன். அவர் தந்தது கேம் இல்லை, ஒரு கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. ஒரு இரவு திறந்தால் கடவுச்சொல் தவறு என்றது. தொலைபேசியிலும் ஆள் இல்லை. நாற்பது மணி நேரம் சேமித்த விளையாட்டு அதோடு போனது, இப்போது நினைத்தாலும் மனம் பொறுக்கவில்லை. யாராவது பெயரும் கடவுச்சொல்லும் தருகிறேன் என்றால் அது உங்களுக்குச் சொந்தமாகாது. உங்கள் கணக்கில் நீங்களே போடும் குறியீட்டைத் தருகிறார்களா என்று முதலில் கேளுங்கள்.

ஸ்டீமில் நம் காலத்தில் இல்லாத ஒரு வசதி உண்டு. வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்கும் குறைவென்றால், help.steampowered.com போய்ப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இறக்கும் நேரம் அந்தக் கணக்கில் வராது, கேம் திறந்திருக்கும் நேரம்தான் வரும். டெஃபினிட்டிவ் எடிஷன் 30 ஜிபிக்கு மேல். உங்கள் இணைப்பில் நள்ளிரவுக்குப் பிறகு தனி டேட்டா இருந்தால் அந்த நேரத்தில் இறக்குங்கள். வெள்ளி இரவு இறக்கிவிட்டு, சனியன்று ஒரு மணி நேரம் ஆர்ட் ஒஃப் வோர் விளையாடிப் பாருங்கள். திரை விக்கினால் ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுத்துவிடலாம். விக்காவிட்டால் அன்றே ராஜேந்திரனை வாங்குங்கள்.