கல்விக்கடன்: தவணை இல்லாத காலத்திலும் வட்டி உண்டு

மகன் இன்ஜினீயரிங் சேர்ந்துவிட்டான். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை கட்ட வேண்டாம் என்றார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதுவரை வட்டி ஓடாதுதானே?

ஓடும். முதல் வருட ஃபீஸ் கல்லூரிக்குப் போன நாளிலிருந்தே ஓடும். கையெழுத்துப் போட்ட கடிதத்திலேயே அது இருக்கும். இன்றைக்காவது எடுத்துப் படியுங்கள்.

படிக்கும்போதே வட்டியைக் கட்டினால் என்ன மிச்சம்? எப்படியும் ஒருநாள் கட்டத்தானே போகிறோம்?

இந்த ‘எப்படியும்’தான் என்னைக் கோபப்படுத்துகிறது. வருடம் 1 லட்சம் வீதம் 4 வருடம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக்குப் பிறகு ஒரு வருட மாரட்டோரியம், அதாவது தவணை கட்ட வேண்டாத காலம். முதல் லட்சத்துக்கு 5 வருட வட்டி, 50,000. அடுத்ததற்கு 40,000, அப்புறம் 30,000, 20,000. ஆக 1,40,000. வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி இதுவரை தனி வட்டிதான். ஆனால் தவணை தொடங்கும்போது இந்தத் தொகை அசலோடு சேர்ந்துவிடும். பிறகு அதற்கும் வட்டி.

4 லட்சம் கடன் 5,40,000 ஆகி, 10 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 7,136 வரும். வட்டியை அவ்வப்போது கட்டியிருந்தால் 5,286 போதும். மாதம் 1,850 வித்தியாசம். 120 மாதத்தில் 2,22,000. அன்று கட்டாமல் விட்டது 1,40,000தான். மேலே போகும் 82,000 முழுக்க வட்டிக்கு வட்டி.

முதல் வருடம் மாதம் 833 ரூபாய்தான் வட்டி வரும், நான்காம் வருடம் 3,333. முழுதாக முடியாவிட்டால் முடிந்த அளவு கட்டுங்கள். படிக்கும் காலத்தில் ஒழுங்காக வட்டி கட்டுபவர்களுக்கு 1 சதவீதம் குறைக்கும் வங்கிகளும் உண்டு, கேளுங்கள்.

நான் என் மகளுக்கு முதல் வருடமே 40,000 ரூபாய் லேப்டாப்பைக் கடனில் சேர்த்து வாங்கினேன். வட்டி 12 சதவீதம். மூன்றாம் வருடம் அது பழுதாகிப்போனது. தவணை தொடங்கிய நாளில் அதன் கணக்கு 64,000 ஆகியிருந்தது. கையில் இருந்ததைப் போட்டு வாங்கியிருக்க வேண்டும்.

கடிதத்தில் தனி வட்டி என்றிருக்கிறது. புதிதாகப் பணம் எதுவும் எடுக்கவில்லை, ஆனால் மாதாமாதம் வட்டி கூடுகிறது. கேட்டால் ‘கம்ப்யூட்டர் போடுவது’ என்கிறார்கள்.

உங்களை அலையவிட்டது தவறு, நீங்கள் கேட்டது சரி. ஜூலை, ஆகஸ்ட் இரண்டும் 31 நாள், அவற்றை ஒப்பிடுங்கள். 2 லட்சத்துக்கு 10 சதவீதத்தில் ஜூலையில் 1,699 என்றால் ஆகஸ்டிலும் அதேதான் வர வேண்டும். 1,713 என்று வந்தால் ஜூலை வட்டி அசலில் ஏறிவிட்டது. இடையில் வட்டி விகிதம் மாறவில்லை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடித நகல், கணக்கு நகல் இரண்டையும் வைத்துக் கிளையில் எழுத்தில் புகார் கொடுத்து, முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லாவிட்டாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது.