பால் காய்ச்ச வருபவர்கள் இருட்டில் வழி தேடக்கூடாது

கேள்வி: மதுரை திருப்பாலையில் புது வீடு கட்டியிருக்கிறோம். ஆவணியில் ஒரு ஞாயிறு அதிகாலை 4.30 முதல் 6 மணிக்குள் கிரகப்பிரவேசம். உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்ப அழைப்பை எப்படி எழுதுவது?

பதில்: முதலில் நேரத்தைத் தெளிவாக்குங்கள். ‘ஞாயிறு அதிகாலை’ என்று மட்டும் எழுதினால் சிலர் ஞாயிறு இரவு படுத்துத் திங்கள் விடியலில் கிளம்பிவிடுவார்கள். ‘சனிக்கிழமை இரவு விடிந்தால் ஞாயிறு’ என்று சேர்த்துவிட்டால் அந்தக் குழப்பம் வராது. முகூர்த்த நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். பால் காய்ச்சும்போது இருக்க முடியாதவர்கள் காலைச் சிற்றுண்டிக்காவது தயங்காமல் வருவார்கள்.

உறவினர்களுக்கு இப்படி எழுதலாம்:

“குலதெய்வம் துணை. எங்கள் புதுமனை புகுவிழா, சனிக்கிழமை இரவு விடிந்தால் ஞாயிறு அதிகாலை 4.30 மணிக்கு மேல் 6 மணிக்குள், பெரியோர்கள் ஆசியுடன் நடைபெற இருக்கிறது. கோ பூஜை, கணபதி ஹோமம் முடிந்து பால் காய்ச்சுகிறோம். குடும்பத்துடன் முன்னதாகவே வந்திருந்து, எங்களை வாழ்த்தி, 7 மணி முதல் 9.30 வரை சிற்றுண்டி அருந்திச் செல்ல அன்போடு அழைக்கிறோம்.”

இதன் கீழே தேதியைப் பஞ்சாங்கத்தில் சரிபார்த்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டு, வீட்டுப் பெரியவர்கள் பெயரை முதலில் எழுதுங்கள்.

வழிக்குறிப்பில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பகலில் பார்த்த கடைப் பலகையை அடையாளம் சொன்னால், நாலு மணிக்கு அந்தக் கடை மூடி விளக்கும் அணைந்திருக்கும். பெட்ரோல் பங்க், கோயில் கோபுர விளக்கு, தெருமுனைக் கம்பம் போல இருட்டிலும் தெரிவதையே சொல்லுங்கள். உங்கள் ஊருக்கு இன்னொன்றும் தேவை: “தல்லாகுளம் பக்கமிருந்து வருபவர்கள் நத்தம் சாலை மேம்பாலத்தில் ஏறாமல், கீழ்ச்சாலையில் வரவும்.” ஏறிவிட்டால் இருட்டில் இறங்கும் இடத்தைத் தவறவிட்டுத் திரும்பி வர நேரலாம். வரைபட இணைப்பை வீட்டு வாசலில் நின்று எடுங்கள். புதிய மனைப்பிரிவுகளில் குறி அடுத்த தெருவில் விழுவது சாதாரணம். அதனால் வழி தெரியாத ஒருவரை அதை வைத்து வரச்சொல்லிப் பாருங்கள். பிறகு வாசலில் வாழைமரமும் சீரியல் விளக்கும் கட்டியிருக்கும் என்று எழுதினால் கடைசித் திருப்பமும் சுலபம்.

அக்கம்பக்கத்தாருக்கு வழி வேண்டாம், வேறு செய்தி வேண்டும். “அதிகாலையில் மேளச் சத்தமும் ஹோமப் புகையும் இருக்கும், தெருவில் வண்டிகள் நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பால் காய்ச்ச நீங்களும் வந்து நில்லுங்கள்” என்று எழுதுங்கள். இதை அனுப்புவதற்கு முன் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடுவது முறை.

பிறந்த வீட்டுச் சீர் கொண்டுவருபவர்கள், தாய்மாமன், சம்பந்தி ஆகியோருக்கு வாட்ஸ்அப் போதாது. குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைத்த பிறகு, வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமத்தோடு நேரில் போய் அழையுங்கள். சீரோடு எத்தனை மணிக்கு வந்து நிற்க வேண்டும் என்பதையும் அவர்களிடம் அப்போதே சொல்லிவிடுங்கள். அதைப் பொது அழைப்பில் எழுத வேண்டாம், சீர் கொண்டுவராதவர்கள் சங்கடப்படுவார்கள். இரண்டு வாரம் முன்னதாக அழைப்பை அனுப்பி, சனிக்கிழமை மாலையில் முகூர்த்த நேரத்தையும் வரைபட இணைப்பையும் மட்டும் மறுபடி போடுங்கள்.