ஐந்து நொடிக் கிளிப்பில் எவ்வளவு அசைவு கொள்ளும்?

கேள்வி: Wan 2.1 என்ற AI வீடியோ மாடலில் தோசை வார்க்கும் காட்சி ஒன்றை உருவாக்கப் பார்க்கிறேன். ஒரு பெண் மாவை ஊற்றித் தேய்த்து, எண்ணெய் விட்டு, திருப்பிப் போட்டு, தட்டில் எடுத்து வைப்பதாக எழுதினால் எல்லாம் அவசர அவசரமாக நடக்கிறது; நடுவில் மாவு சட்டென்று பொன்னிறமாகிவிடுகிறது. fps-ஐ 24 ஆக்கினால் இன்னும் மோசம். எத்தனை நொடி, எத்தனை fps வைக்க வேண்டும்?

பதில்: உங்களுக்கு நேர்ந்திருப்பவை இரண்டு தனித்தனிப் பிழைகள். இரண்டும் வேகமாகத் தெரிவதால் ஒன்றுபோல் தோன்றுகின்றன. ஒன்றை அமைப்பில் திருத்த வேண்டும், மற்றொன்றை எழுத்தில் திருத்த வேண்டும்.

அமைப்பை முதலில் பார்ப்போம். Wan 2.1 மாடலுக்கு fps என்ற எண் போய்ச் சேருவதே இல்லை. அது உருவாக்குவது குறிப்பிட்ட எண்ணிக்கையிலான ஃபிரேம்களை மட்டுமே. அந்த எண்ணிக்கை ComfyUI-இல் `length` என்ற பெட்டியிலும், கட்டளை வரியில் `--frame_num` என்பதிலும் இருக்கிறது. நொடிக்கு 16 ஃபிரேம் என்ற கணக்கில் அசைவுகளைக் கற்ற மாடல் இது. ஆகவே ஒரு கை எவ்வளவு நகர வேண்டும் என்பதை அந்த 16-ஐ மனத்தில் வைத்தே ஒவ்வொரு ஃபிரேமிலும் வரைகிறது. வீடியோவைச் சேமிக்கும் இடத்தில் நீங்கள் தரும் fps, வரைந்து முடித்த ஃபிரேம்களை எவ்வளவு வேகத்தில் புரட்டிக் காட்டுவது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. 81 ஃபிரேம்களை 16-இல் ஓட்டினால் ஏறத்தாழ 5 நொடி வரும். அதே 81-ஐ 24-இல் ஓட்டினால் 3.4 நொடியில் முடிந்துவிடும், எல்லா அசைவும் ஒன்றரை மடங்கு வேகமாகும். fps-ஐ ஏற்றியதும் நிலைமை மோசமானதற்கு இதுதான் காரணம். சேமிக்கும் இடத்தில் fps-ஐத் திரும்ப 16 ஆக்கிவிடுங்கள்.

81 என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு. மாடல் முதல் ஃபிரேமைத் தனியாகவும், அதற்குப் பின் வருபவற்றை நான்கு நான்காகவும் சுருக்கிக் கையாள்கிறது. அதனால் ஃபிரேம் எண்ணிக்கை நான்கின் மடங்குடன் ஒன்று கூட்டியதாக இருக்க வேண்டும்: 33 என்றால் சுமார் 2 நொடி, 49 என்றால் 3, 65 என்றால் 4, 81 என்றால் 5. அதற்கு மேலும் எண்ணைத் தரலாம், மாடல் தடுக்காது. ஆனால் 161 கேட்டால் அது ஒரே சமயத்தில் நினைவில் வைக்க வேண்டியது இரு மடங்காகி, அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடும் வேலை நான்கு மடங்கை நெருங்குகிறது. கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் முதலில் கைவிடும். கார்டு தாங்கினாலும், பழகிய ஐந்து நொடியைத் தாண்டியதும் அசைவு தொடங்கிய இடத்துக்கே திரும்புவதையும், செய்ததையே மறுபடி செய்வதையும் அடிக்கடி பார்க்கலாம். ஆகவே இந்த மாடலில் ஐந்து நொடியையே உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எழுத்துக்கு வருகிறேன். உங்கள் சிக்கலின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

நீங்கள் எழுதிய செயல்களை, கையில் கரண்டி இருப்பதாக எண்ணி, கைப்பேசியின் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு இயல்பான வேகத்தில் ஒருமுறை செய்து பாருங்கள். மாவை மொண்டு கல்லில் ஊற்ற ஒன்றிரண்டு நொடி ஆகும். நடுவிலிருந்து விளிம்புவரை வட்டமாகத் தேய்க்க மூன்று நான்கு நொடி. ஓரத்தைச் சுற்றி எண்ணெய் விட மூன்று நொடி. திருப்பிப் போட இரண்டு. எடுத்துத் தட்டில் வைக்க இன்னும் மூன்று. கை செய்யும் வேலை மட்டுமே பன்னிரண்டு நொடிக்கு மேல் போகிறது, தோசை வேகும் நேரமோ தனி. அதை ஐந்து நொடிக்குள் கேட்டால் மாடல் மூன்றில் ஒன்றைச் செய்யும்: எல்லாவற்றையும் அவசரப்படுத்தும், சிலவற்றை விட்டுவிடும், அல்லது ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு உருமாற்றித் தாவும். மாவு சட்டென்று பொன்னிறமானது அந்த மூன்றாம் வகை. நிறம் மாறுவது, காய்வது, உருகுவது, வேவது போன்ற நிலைமாற்றங்களுக்கு உண்மையில் எவ்வளவு நேரம் தேவை என்ற கணக்கு மாடலிடம் இல்லை. தொடக்கநிலையும் முடிவுநிலையும் ஒரே பிராம்ப்ட்டில் இருந்தால் இரண்டையும் ஒரே கிளிப்பில் காட்டியே தீர வேண்டும் என்றுதான் அது எடுத்துக்கொள்கிறது.

இரு பிழைகளில் எது நேர்ந்திருக்கிறது என்று பிரித்தறிய ஒரு நல்ல வழி உண்டு: கல்லிலிருந்து எழும் ஆவியைப் பாருங்கள். ஆவியும் புடவை முந்தானையும் கையோடு சேர்ந்து படபடத்தால் தவறு fps-இல் இருக்கிறது, ஏனென்றால் புரட்டும் வேகம் படத்திலுள்ள எல்லாவற்றையும் ஒருசேரப் பாதிக்கும். ஆவி இயல்பாகச் சுருண்டெழுந்து, கை மட்டும் பறந்தால் நீங்கள் அளவுக்கு மேல் எழுதியிருக்கிறீர்கள். இதற்காகவே, கதைக்குத் தேவைப்படாவிட்டாலும் ஆவியையோ காற்றில் ஆடும் துணியையோ பிராம்ப்ட்டில் சேர்ப்பது என் வழக்கம்.

ஆகவே ஒரு கிளிப்புக்கு ஒரு செயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செயல் கிளிப்பின் நீளத்தில் முக்கால் பங்கை நிரப்புவது நல்லது. மீதி, தொடங்குவதற்கும் அடங்குவதற்கும் வேண்டும். மாவு தேய்க்கும் காட்சியை 81 ஃபிரேமுக்கு நான் இப்படி எழுதுவேன் (இந்த மாடல் சீனத்திலும் ஆங்கிலத்திலும் பழக்கப்பட்டது, தட்டச்சு செய்யும்போது ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்): “சூடான இரும்புத் தோசைக்கல்லின் நடுவில் வெள்ளை மாவு ஏற்கெனவே ஊற்றப்பட்டிருக்கிறது. ஒரு பெண்ணின் வலக்கை கரண்டியின் அடிப்பாகத்தால் மாவை நடுவிலிருந்து வெளிநோக்கி நிதானமாக, மூன்று சுற்றில் தேய்க்கிறது. கரண்டி விளிம்பை அடைந்ததும் கை மெதுவாக மேலெழுகிறது. மாவு கடைசிவரை வெள்ளையாகவே இருக்கிறது. மெல்லிய ஆவி எழுகிறது. கேமரா அசையாமல் மேலிருந்து பார்க்கிறது.”

இதில் ஊற்றும் செயலை நான் எழுதவில்லை, அது முடிந்த நிலையிலிருந்தே கிளிப் தொடங்குகிறது. மூன்று சுற்று என்று எழுதியதை மாடல் துல்லியமாக எண்ணிச் செய்யாது, நான்காகவும் ஆகலாம். ஆனாலும் வேகத்துக்கு அது ஒரு வரம்பு கட்டுகிறது. கேமராவையும் நிறுத்திவைத்திருக்கிறேன். கையும் கேமராவும் சேர்ந்து நகர்ந்தால் இரண்டின் அசைவும் கூடி, ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையிலான இடப்பெயர்ச்சி அதிகமாகிவிடும்.

அந்த இடப்பெயர்ச்சிக்கும் 16 என்ற எண்ணுக்கும் உள்ள உறவைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. 832 பிக்சல் அகலமுள்ள படத்தில் கரண்டி 300 பிக்சல் விட்டத்தில் சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு சுற்று சுமார் 940 பிக்சல் தூரம். அதை ஒரு நொடியில் சுற்றினால் ஃபிரேமுக்கு 59 பிக்சல் நகர்கிறது, கண் அதைப் பொறுத்துக்கொள்ளும். அரை நொடியில் சுற்றினால் 118 பிக்சல்; கரண்டி வழுக்கிச் செல்வதுபோல் தெரியாமல் இடம்விட்டு இடம் தாவுவதுபோல் தெரியும். நீங்கள் 24 fps பக்கம் போனதற்கு இந்தத் தாவல்தான் காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதற்குச் சரியான வழி, நேரத்தை மாற்றாமல் இடைஃபிரேம்களை உருவாக்கிச் சேர்ப்பது:

```
ffmpeg -i dosa16.mp4 -vf "minterpolate=fps=24:mi_mode=mci" dosa24.mp4
```

இப்போதும் கிளிப் ஐந்து நொடிதான் ஓடும், அசைவு மட்டும் வழுவழுப்பாகும். RIFE போன்ற கருவிகள் இதைவிடச் சுத்தமாகச் செய்கின்றன; அவற்றில் மூன்று மடங்காக்கி 48 எடுத்து, ஒன்றுவிட்டு ஒன்றை நீக்கினால் சரியாக 24 கிடைக்கும். எடிட்டிங் மென்பொருளின் 24 fps டைம்லைனில் 16 fps கிளிப்பை அப்படியே போடாதீர்கள். இரண்டு ஃபிரேமுக்கு ஒன்று இருமுறை காட்டப்பட்டு, சீரான அசைவெல்லாம் நொண்டும். இடைஃபிரேம் கருவிக்கும் எல்லை உண்டு. கரண்டி மிக வேகமாகப் போனாலோ விரல்கள் ஒன்றையொன்று மறைத்தாலோ இடையில் பிறக்கும் ஃபிரேமில் அவை ரப்பர்போல் நீண்டு கரையும். ஆகவே முதலில் எழுத்தில் வேகத்தைக் குறைத்து, அதன் பிறகே இக்கருவியைப் பயன்படுத்துங்கள்.

தோசையைத் திருப்பிப் போடுவது வேறு வகை. அதை மெதுவாக்கி எழுதினால் பொய்யாகத் தெரியும், ஐந்து நொடி கொடுத்தால் மீதி நேரத்தை நிரப்ப மாடல் மறுபடியும் திருப்பும். அதற்கு 49 ஃபிரேம் போதும். தோசை ஏற்கெனவே ஓரத்தில் சிவந்து, தோசைத்திருப்பி அதன் அடியில் பாதி நுழைந்த நிலையில் தொடங்கச் சொல்லுங்கள். இந்த வேக அசைவுக்கு 16 தடுமாறினால், இயல்பிலேயே 24-இல் பழகிய Wan 2.2-இன் 5B மாடலில் இந்த ஒரு கிளிப்பை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். அங்கே ஐந்து நொடிக்கு 121 ஃபிரேம், இரண்டு நொடிக்கு 49. ஒரே 49 அங்கே இரண்டு நொடி, இங்கே மூன்று நொடி என்பதை மறக்காமல், எழுதும் செயலின் அளவையும் அதற்கேற்பக் குறையுங்கள்.

இதற்கு நேர்மாறான குறையும் வரும். “பெண் அடுப்பருகே நிற்கிறாள்” என்று மட்டும் எழுதி 81 ஃபிரேம் கேட்டால், படம் உறைந்து நிற்கும், அல்லது அவள் காரணமின்றித் தலையாட்டுவாள், வாயசைப்பாள், கேமரா தானாக நகரும். அத்தகைய காட்சிக்கு ஆவி, முந்தானை, மெல்ல நெருங்கும் கேமரா என்று தொடர்ந்து நிகழக்கூடிய, முடிவு தேவைப்படாத சிறு அசைவுகளைக் கொடுங்கள். குறைந்த படிகளில் விரைவாக உருவாக்க உதவும் லோராக்களைச் சேர்த்திருந்தால் எல்லாமே ஸ்லோமோஷன்போல் வருவதும் உண்டு. அப்போது மட்டும், ஆவியும் சேர்ந்து மந்தமாக இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு, 16-க்குப் பதில் 20 அல்லது 24-இல் ஓட்டலாம்; கிளிப் அந்த அளவுக்குக் குறுகும்.

உங்கள் காட்சி முழுவதற்கும் நான்கு கிளிப்புகள் போதும்: தேய்ப்பதற்கு 81, எண்ணெய் விட 65, திருப்ப 49, தட்டில் வைக்க 65. முதல் இரண்டையும் ஒரே கோணத்தில் தொடர விரும்பினால், முதல் கிளிப்பின் கடைசி ஃபிரேமை எடுத்து, படத்திலிருந்து வீடியோ உருவாக்கும் மாடலுக்குத் தொடக்கமாகக் கொடுங்கள். ஒட்டும்போது இரண்டாவதன் முதல் ஃபிரேமை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே ஃபிரேம் இருமுறை வந்து அந்த இடத்தில் சின்னத் தடுக்கல் தெரியும். இப்படியே நான்கையும் சங்கிலியாகக் கோக்காதீர்கள், ஒவ்வொரு கண்ணியிலும் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, முகம் மாறிக்கொண்டே போகும். எண்ணெய்க்கும் திருப்புவதற்கும் நடுவில் கோணத்தை மாற்றி வெட்டிவிட்டால் தோசை வெந்த நேரம் அந்த வெட்டுக்குள் அடங்கிவிடும்.