இடம் இருந்தும் கணினி திணறுவது ஏன்: பாட்டிக்கு ஒரு விளக்கம்

"'பெட்டி நிறைய இடம் இருக்கிறது என்கிறாய், பிறகு ஏன் திணறுகிறது?' என்று பாட்டி கேட்கிறார். எப்படிச் சொல்வது?"

சமையலறையைக் காட்டியே சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்க் சாமான் அறை, ராம் சமையல் மேடை, சமைப்பவர் பிராசசர். அறையில் மூட்டை மூட்டையாக அரிசி இருந்தாலும், மேடை சிறியதென்றால் நறுக்கிய காயை உள்ளே வைத்துவிட்டுத்தான் மாவு பிசைய முடியும். 4 ஜிபி ராமில் பிரவுசர் பக்கங்களை நிறையத் திறந்தால் மேடைக்கும் அறைக்கும் இடையே இந்த அலைச்சல்தான் நடக்கிறது. ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் மினுக்கும். மின்சாரம் போனால் மேடை காலியாகிவிடும், அறையில் வைத்தது அப்படியே இருக்கும். சேமிக்கச் சொல்வது இதற்காகத்தான் என்றால் பாட்டிக்கு உடனே புரியும்.

மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகு மூடியைக் கழற்றி ராம் பட்டையைக் காட்டுங்கள். பவர் சப்ளையை மட்டும் திறக்காதீர்கள். அதற்குள் மின்னூட்டம் தங்கியிருக்கும்.