ராக் பாட்டில் ஹுக் என்பது வெறும் வித்தையா?

கேள்வி: நானும் நண்பர்களும் ஒரு பேண்ட் வைத்திருக்கிறோம். நல்ல ரிஃப் ஒன்று கிடைத்திருக்கிறது, ஆனால் அதைப் பாட்டாக்கத் தெரியவில்லை. இன்ட்ரோ, வெர்ஸ், கோரஸ், பிரிட்ஜ் எல்லாம் கட்டாயம் வேண்டுமா? ஹுக் ஹுக் என்கிறார்களே, அது அவ்வளவு முக்கியமா?

பதில்:

உங்கள் நிலைமையை ஓரளவு ஊகிக்க முடிகிறது. ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வாசிக்கிற அந்தச் சின்ன கிட்டார் வரி, நன்றாக இருக்கிறது, அதையே வெர்ஸுக்கு அடியிலும் கோரஸுக்கு அடியிலும் வாசிக்கிறீர்கள், இரண்டு நிமிடத்தில் உங்களுக்கே சலித்துவிடுகிறது. சரிதானே? இல்லையென்றால் மன்னிக்கவும். ஆனால் என்னிடம் கிட்டார் கற்க வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

நான் இசைக் கல்லூரியில் படித்தவன் இல்லை. பேண்டில் வாசித்தும் பாடம் எடுத்தும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். கர்நாடக இசை தெரிந்தவர்கள் வந்து "வெர்ஸ் என்பது நம் சரணம், கோரஸ் என்பது நம் பல்லவிதானே" என்று எழுதுவார்கள். கொஞ்சம் அப்படித்தான், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. நம் சினிமாப் பாட்டு பெரும்பாலும் பல்லவியிலேயே தொடங்கிவிடும். ராக் பாட்டில் கோரஸுக்காக நம்மைக் காக்க வைப்பார்கள். உங்கள் கேள்விக்கு என் பதில் அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது.

ஹுக் என்றால் கேட்டதும் மனதில் ஒட்டிக்கொள்கிற இடம். அதைக் காட்ட ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்கிறேன். கன்ஸ் அண்ட் ரோசஸின் 'சுவீட் சைல்ட் ஓ மைன்'. 1987-ல் வந்த அவர்களுடைய முதல் முழு ஆல்பத்தில் இருக்கிறது. 1988-ல் அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. கல்லூரி நாட்களில் ஒரு போட்டியில் இதை வாசித்தோம். நடுவராக வந்தவர் மேடையிலேயே, "இது விரல் பயிற்சி, இசை இல்லை. ஹுக் என்பதே மலிவான வித்தை" என்றார். அந்த வார்த்தை இன்றும் உறுத்துகிறது. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

பாட்டைத் தொடங்கி வைக்கிற அந்த ரிஃப் பயிற்சி மாதிரி தொடங்கியது என்று குழுவின் கிட்டாரிஸ்ட் ஸ்லாஷே சொல்லியிருக்கிறார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பயிற்சி எப்படி ஹுக் ஆனது என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு பாருக்கு, அதாவது நாலு தட்டுக்கு, எட்டு ஸ்வரம். அந்த எட்டில் முதல் ஸ்வரம் மட்டும்தான் மாறும், மற்ற ஏழும் மாறாது. முதல் இரண்டு பாரில் அது டி, அடுத்த இரண்டில் இ, அடுத்த இரண்டில் ஜி, கடைசி இரண்டில் மறுபடியும் டி. (கிட்டாரை அரை ஸ்வரம் இறக்கித்தான் வாசித்தார்கள். நான் விரல் வைக்கும் இடத்தின் பெயரைச் சொல்கிறேன்.) காதுக்கு ஏழு ஸ்வரம் பழகிவிடுகிறது, ஒன்று நகர்ந்துகொண்டே இருக்கிறது. முதல் தடவை கேட்கும்போதே பிடிபட்டுவிடும், ஆனால் அசையாமலும் நிற்காது.

அதோடு முடியவில்லை. ஸ்லாஷ் இதை வாசிக்கும்போது குழுவின் இன்னொரு கிட்டாரிஸ்ட் இஸ்ஸி ஸ்ட்ராட்லின் அடியில் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு, போட்டார்: டி, சி, ஜி, டி. இங்கேதான் விஷயம். ரிஃபில் எஃப் ஷார்ப் ஒவ்வொரு பாரிலும் வருகிறது. அடியில் டி இருக்கும்போது அது சொந்த வீட்டு ஸ்வரம், இனிமையாக உட்கார்ந்துவிடும். அடியில் சி வந்ததும் அதே எஃப் ஷார்ப் லேசாக உரசுகிறது, ஒரு ஏக்கம் வருகிறது. விரல் அதே இடத்தில்தான் இருக்கிறது, கேட்பது வேறாகிவிடுகிறது. நம்பவில்லை என்றால் நண்பரை சி கார்டைப் பிடிக்கச் சொல்லி ரிஃபை வாசித்துப் பாருங்கள். அந்த நடுவரிடம் இதைத்தான் சொல்ல நினைத்தேன், மைக் என் கையில் இல்லை.

இனி எங்கள் போட்டிக் கதை. ஒரு பாட்டுக்கு நான்கரை நிமிடம்தான் என்று விதி. ஆல்பத்தில் இந்தப் பாட்டு ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. எதை வெட்டுவது என்று எங்களுக்குள் பெரிய சண்டை. டிரம்மர் இன்ட்ரோவை வெட்டு என்றார், பாடகர் கடைசிப் பகுதியை வெட்டு என்றார், எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. கடைசியில் ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்து, போனில் பதிவு செய்து கேட்டோம். ஒரு பாட்டின் எலும்புக்கூடு எனக்குத் தெரிந்தது அந்த ஒத்திகைகளில்தான்.

முதலில் இன்ட்ரோ. அசலில் ரிஃப் தனியாகத் தொடங்கி, மற்ற வாத்தியங்கள் சேர்ந்து, குரல் நுழைய ஏறக்குறைய முக்கால் நிமிடம் ஆகும். டிரம்மர் சொன்னபடி நாலு பார் வாசித்துவிட்டுப் பாடத் தொடங்கினோம். விழுந்தது. காரணம், அந்த ரிஃப் எட்டு பாரில்தான் ஒரு சுற்று முடிக்கிறது. நாலாவது பாரில் அது சி-யில் தொங்கிக்கொண்டிருக்கிறது, வீட்டுக்குத் திரும்பவில்லை. பாடகர் எங்கிருந்தோ குதித்த மாதிரி இருந்தது. எட்டு பாராக வைத்ததும் சரியாகிவிட்டது, பதினைந்து விநாடிதான். இன்னொன்றும் புரிந்தது. வெர்ஸும் அதே டி, சி, ஜி, டி மேல்தான் போகிறது. இன்ட்ரோ தரையை முன்கூட்டியே போட்டு வைத்துவிடுகிறது. குரல் வரும்போது ரிஃப் விலகிக்கொள்கிறது, தரை மட்டும் இருக்கிறது. உங்கள் பாட்டில் நீங்கள் செய்யாதது இதுவாகத்தான் இருக்கும். குரலுக்கு அடியில் ரிஃபை ஓடவிடாதீர்கள். கார்டை மட்டும் வைத்துக்கொண்டு ரிஃபை எடுத்துவிடுங்கள். முதல் கோரஸ் முடிந்து அது திரும்ப வரும்போதுதான் அதற்கு மதிப்பு.

கோரஸ் எப்படித் தனியாகத் தெரிகிறது? வெர்ஸ் டி-யில் தொடங்கி டி-யில் முடிகிறது. கோரஸ் ஏ-யில் தொடங்குகிறது, சி வழியாக டி-க்கு வந்து சேர்கிறது. அதாவது வெளியே நின்று வீட்டுக்கு வருகிற பயணம். வெர்ஸில் வார்த்தைகள் நெருக்கமாக ஓடுகின்றன, கோரஸில் சில வார்த்தைகள்தான், அவற்றைக் குழுவின் பாடகர் ஆக்ஸல் ரோஸ் இழுத்துப் பாடுகிறார். பாட்டின் தலைப்பும் அங்கேதான் விழுகிறது. வார்த்தை தெரியாத கூட்டமும் அதை மட்டும் கூடவே பாடியதற்கு இதுதான் காரணம். பாட்டின் இரண்டாவது ஹுக் அது. முதலாவது விரலுக்கு, இது தொண்டைக்கு.

அடுத்து நடுப்பகுதி. இரண்டாவது கோரஸுக்குப் பிறகு வெர்ஸ் கார்டுகள் மேலேயே ஒரு சின்ன சோலோ, அப்புறம் இன்னொரு கோரஸ், அதற்குப் பிறகு டி-யை விட்டு இ மைனருக்கு மாறிப் பெரிய சோலோ. நாங்கள் மூன்றாவது கோரஸை மட்டும் எடுத்துப் பார்த்தோம். கார்டுக் கணக்கில் தப்பே இல்லை, சின்ன சோலோவும் டி-யில்தான் முடிகிறது, கோரஸும் டி-யில்தான் முடிகிறது. ஆனாலும் இரண்டு சோலோ ஒட்டிக்கொண்டு ஒரே நீளமான சோலோவாகிவிட்டது. இ மைனருக்கு மாறியதே யாருக்கும் தெரியவில்லை. சின்ன சோலோவையும் சேர்த்து எடுத்துவிட்டு, இரண்டாவது கோரஸிலிருந்து நேராக இ மைனருக்குப் போனதும் ஒத்திகை அறையே திரும்பிப் பார்த்தது. மாற்றம் மாற்றமாகத் தெரிய, அதற்கு முன்னால் நிற்கிற பகுதி அதிலிருந்து தெளிவாக வேறுபட வேண்டும்.

பாடகர் சொன்னதையும் செய்து பார்த்தோம், அதாவது இ மைனர் பகுதியே இல்லாமல். பாட்டு அழகாக இருந்தது, ஆனால் எங்கேயும் போகவில்லை. டி, சி, ஜி, டி சுற்று சொல்ல வேண்டியதையெல்லாம் அதற்குள் சொல்லி முடித்துவிடுகிறது. அதைவிட்டு வெளியேற ஓர் இடம் வேண்டும். அசலிலும் அப்படித்தான் நடந்தது. டெமோ பதிவின்போது தயாரிப்பாளர் ஸ்பென்சர் ப்ராஃபர் கடைசியில் ஒரு பகுதி சேர்க்கச் சொன்னார், இனி எங்கே போவது என்று பேண்டுக்கே தெரியவில்லை. ஆக்ஸல் "எங்கே போகிறோம்" என்று தனக்குள் கேட்டுக்கொண்டதே அந்த இடத்தின் வரியாகிவிட்டது.

"அது பிரிட்ஜ் இல்லை, முடிவுப் பகுதி" என்று யாராவது திருத்துவார்கள். ஒப்புக்கொள்கிறேன். முறையான பிரிட்ஜ் என்றால் வேறு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வர வேண்டும். தி போலீஸ் குழுவின் 1983 பாட்டான 'எவ்ரி பிரெத் யூ டேக்' நல்ல உதாரணம். ஏ மேஜரில் போகிற பாட்டு நடுவில் எஃப், ஜி கார்டுகளுக்குத் தாவும், பாடுகிறவரின் அடக்கம் அங்கே உடையும், அப்புறம் ஏ-க்குத் திரும்பும். கன்ஸ் அண்ட் ரோசஸ் திரும்பவே இல்லை. ரிஃப் மறுபடி வராமல் இ மைனரிலேயே பாட்டு முடிகிறது. திரும்புவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், வெளியே போவது மட்டும் அவசியம்.

போட்டியில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். இ மைனர் சோலோவைப் பாதியாக்கி நேரத்துக்குள் முடித்தோம், கூட்டம் கூடவே பாடியது, பரிசு கிடைக்கவில்லை. அது பரவாயில்லை. என் வருத்தம் வேறு. பேண்டுகளுக்கு மதிய வெயிலில் நேரம் ஒதுக்குவார்கள், சவுண்ட் செக் கிடையாது, மானிட்டர் ஒன்றுதான், பாடகருக்குத் தன் குரலே கேட்காது. மாலையில் சினிமாப் பாட்டுக் குழுவுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒலிச் சோதனை நடக்கும். அப்புறம் "ராக் பேண்ட் என்றாலே இரைச்சல்" என்று மைக்கில் சொல்வார்கள். பேஸ் கேட்காவிட்டால் அந்த ரிஃப் உண்மையிலேயே விரல் பயிற்சி மாதிரிதான் ஒலிக்கும், ஏனென்றால் அடியில் சி வந்தது யாருக்கும் தெரியாது. அந்த நடுவர் கேட்டது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் ரிஃபுக்கு வருவோம். அது எத்தனை பாரில் வீட்டுக்குத் திரும்புகிறது என்று முதலில் எண்ணுங்கள், இன்ட்ரோவின் அளவு அதுதான். அடியில் இரண்டு மூன்று விதமாகக் கார்டு மாற்றிப் பாருங்கள், மாறாத ஸ்வரம் எங்கே உரசுகிறது என்று தேடுங்கள். கோரஸை வெர்ஸ் தொடங்கும் கார்டில் தொடங்காதீர்கள். பதிவு செய்து, பேண்டில் இல்லாத ஒருவருக்கு ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள். மறுநாள் அவரைப் பாடச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தை முனகுகிறாரோ அதுதான் உங்கள் ஹுக், அது நீங்கள் நினைத்த இடமாக இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் பாட்டை அந்த இடத்தைச் சுற்றி மறுபடி அடுக்குங்கள், ரிஃபைச் சுற்றி அல்ல.